ஒற்றை சோபாவின் கேட்டலாக் படம்: ஒரே படமா, அண்மைப் படங்களும் வேண்டுமா, கணினி வரைகலையா?

ஒருவர் அமரும் சோபாவை நேரில் தொட்டுப் பார்க்காமல் படத்தை மட்டும் நம்பி வாங்குபவர், அந்தப் படத்தில் முக்கியமாக மூன்று விஷயங்களைத் தேடுகிறார். மேலுறைத் துணியின் நெசவு எப்படிப்பட்டது, குஷன் தட்டையானதா புடைத்ததா, கால்கள் எந்த வடிவில் இருக்கின்றன, அவை சட்டத்தோடு எப்படிச் சேர்கின்றன என்பவையே அவை. இவை மூன்றையும் ஒரே படத்தில் அடக்கிவிட முடியும் என்றே படம் எடுக்கச் சொல்பவர்கள் பெரும்பாலும் எண்ணுகிறார்கள். ஆனால் இந்த மூன்றும் அளவாலும், கேட்கும் ஒளியாலும், கேட்கும் கேமரா உயரத்தாலும் வேறுபட்டவை. நெசவு மில்லிமீட்டர் கணக்கில் இருப்பது. அதன் மேல் ஒளி சாய்ந்து உரசிச் செல்ல வேண்டும். குஷனின் வளைவு பல சென்டிமீட்டர் பரப்பில் மெல்ல எழுந்து தாழ்வது. அதற்கு மென்மையாகப் பரவும் ஒளி வேண்டும். கால்களோ சோபாவின் சொந்த நிழலுக்குள் நிற்பவை. அவற்றுக்குத் தாழ்ந்த கேமராவும் தரையிலிருந்து மீளும் வெளிச்சமும் வேண்டும்.

எனவே தீர்மானிக்க வேண்டியது மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான். எல்லாவற்றையும் ஒரே உயர்தரப் படத்தில் காட்டுவது முதல் வழி. முழுத் தோற்றத்துக்கு ஒரு முதன்மைப் படமும், நெசவுக்கும் காலுக்கும் தனித்தனி அண்மைப் படங்களும் எடுப்பது இரண்டாவது. கேமராவையே விட்டுவிட்டுக் கணினி வரைகலையில் சோபாவை உருவாக்குவது மூன்றாவது.

பொதுவாகப் பேசிக்கொண்டே போவதைவிட ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வது நல்லது. அகலமும் ஆழமும் தலா 80 செ.மீ, உயரம் 78 செ.மீ, இருக்கையின் உயரம் 44 செ.மீ, இருக்கையின் ஆழம் 55 செ.மீ, 15 செ.மீ உயரமுள்ள கூம்பிய மரக்கால்கள் என்று ஒரு சோபாவை எடுத்துக்கொள்வோம். அதன் துணி, சென்டிமீட்டருக்கு 10 இழை ஓடும் எளிய பாவு-ஊடு நெசவு. அதாவது இழைக்கு இழை இடைவெளி 1 மி.மீ. கேமரா 6000-க்கு 4000 பிக்சல் அளவுள்ள முழுச்சட்டக் கேமரா. லென்ஸ் 85 மி.மீ, தொலைவு 4 மீட்டர்.

முதல் வழியின் கவர்ச்சி அதன் எளிமையில் இருக்கிறது. ஒரே அமைப்பு, ஒரே ஒளி, ஒரே கோப்பு. பெரிய பிக்சல் எண்ணிக்கை கொண்ட கேமரா இருந்தால் பார்ப்பவர் பெரிதாக்கி நெசவைக் கண்டுகொள்வார் என்பது இதன் பின்னுள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்கே உடைகிறது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். 4 மீட்டர் தொலைவில் 85 மி.மீ லென்ஸ் ஏறத்தாழ 1.7 மீட்டர் அகலத்தைப் படம்பிடிக்கும். அதை 6000 பிக்சல்கள் பகிர்ந்துகொள்வதால் ஒரு மில்லிமீட்டருக்கு மூன்றரை பிக்சல் கிடைக்கிறது. ஓர் இழைக்கு மூன்றரை பிக்சல் என்பது மூலக் கோப்பில் நெசவு தெரியப் போதுமானது. ஆனால் வாங்குபவர் மூலக் கோப்பைப் பார்ப்பதில்லை. கேட்டலாக்குக்காக அது 2000 பிக்சல் சதுரமாகச் சுருக்கப்படுகிறது. 30 பாகை திருப்பி வைத்த நம் சோபா பார்வைக்கு ஏறத்தாழ 109 செ.மீ அகலம் கொண்டது. அது அந்தச் சதுரத்தில் 1700 பிக்சல் அகலத்தை நிரப்புகிறது என்றால், ஒரு மில்லிமீட்டருக்குக் கிடைப்பது ஒன்றரை பிக்சல்தான்.

திரும்பத் திரும்ப வரும் ஒரு கோட்டமைப்பைப் பிரித்துக் காட்டுவதற்கு ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டு பிக்சலாவது வேண்டும். அதற்குக் கீழே போனால் நெசவு வெறுமனே மறைந்துவிட்டால்கூடப் பரவாயில்லை; பல நேரங்களில் அது வேறு உருவம் எடுத்துக்கொள்கிறது. துணியில் இல்லாத அலைக்கோடுகளும், சில நேரங்களில் பச்சையும் ஊதாவுமான வண்ணப் பட்டைகளும் கைப்பிடியின் மேல் வளைந்து ஓடத் தொடங்குகின்றன. மோரே எனப்படும் இந்தக் கோளாறு, இழைகளின் வரிசையும் பிக்சல்களின் வரிசையும் ஏறத்தாழ ஒத்திருந்தும் முழுதாக ஒத்துப்போகாமல் மோதுவதால் வருவது. இதைக் கண்டறியும்போது ஓர் எச்சரிக்கை தேவை. திரையில் 33 அல்லது 67 விழுக்காட்டில் பார்க்கும்போது தோன்றும் அலைகள் திரைக்காகச் செய்யப்பட்ட சுருக்கத்தால் வந்தவையாக இருக்கலாம். கோப்பை 100 விழுக்காட்டில் பார்த்த பிறகும் அலை இருந்தால்தான் அது படத்தில் பதிந்த கோளாறு. அப்படிப் பதிந்ததைப் பின்னர் சரிசெய்வது கடினம்; கேமராவைச் சற்று முன்பின் நகர்த்தியோ சோபாவின் கோணத்தை இரண்டு மூன்று பாகை மாற்றியோ மீண்டும் எடுப்பதே சுருக்கமான வழி. சுருக்கும்போது மட்டும் வருவதென்றால், சுருக்குவதற்கு முன் துணிப் பகுதிக்கு மெல்லிய மங்கலைக் கொடுத்தால் தணியும். ஆனால் அப்படிச் செய்தால் நெசவும் மறைந்துவிடும். அதாவது படம் சுத்தமாகும், கேள்விக்கு விடை கிடைக்காது.

பிக்சலைவிடப் பெரிய தடை ஒளி. ஒரு சோபாவில் இருக்கையின் மேற்பரப்பு வானத்தை நோக்குகிறது, சாய்மானம் முன்னே நோக்குகிறது, கைப்பிடியின் வெளிப்புறம் பக்கவாட்டில் நோக்குகிறது. நெசவின் மேடுபள்ளம் தெரிய வேண்டுமானால் ஒளி துணியின் தளத்துக்கு 10 முதல் 20 பாகைச் சாய்வில் வந்து, ஒவ்வோர் இழையும் அடுத்த இழையின் மேல் சிறு நிழலை விழச் செய்ய வேண்டும். ஒரு விளக்கை வைத்து அப்படி உரசச் செய்யக்கூடியது ஏதோ ஒரு பரப்பை மட்டுமே. அதே ஒளி இன்னொரு பரப்பை நேருக்கு நேர் தாக்கி அதன் நெசவை அழித்துவிடும். அதோடு, நெசவை நன்றாக எழுப்பும் அந்தக் கூரிய சாய்வொளி குஷனுக்குப் பகை. தையலோரத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் பிளவுபோல் கறுத்து, மெல்ல எழும் புடைப்பு ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருண்டு போகிறது. பார்ப்பவர் புதிய சோபாவைப் பழையது என்று நினைத்துவிடுவார்.

இரண்டாவது வழி இந்தச் சண்டையைத் தீர்க்க முயல்வதில்லை. சண்டையிடுபவர்களைப் பிரித்து வைக்கிறது. முதன்மைப் படத்திடம் நெசவைக் கேட்பதே இல்லை. துணியின் நிறத்தையும் அதன் பளபளப்பின் அளவையும் காட்டினால் போதும். குஷனும் காலும் மட்டுமே அதன் பொறுப்பு. இப்படி முடிவெடுத்தவுடன் கேமராவை எங்கே வைப்பது என்ற கேள்வி தெளிவாகிவிடுகிறது. அங்கும் ஓர் இழுபறி உண்டு என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கேமரா உயர உயர இருக்கையின் மேற்பரப்பு அதிகமாகத் தெரியும். பின்னங்கால்கள் முன்சட்டத்தின் பின்னால் மறையும். கேமரா 1.4 மீட்டர் உயரத்தில், அதாவது நிற்பவரின் கண் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால், 55 செ.மீ ஆழமுள்ள இருக்கை படத்தில் ஏறத்தாழ 13 செ.மீ பட்டையாகத் தெரியும். குஷனின் விரிவு நன்றாகப் புலப்படும். ஆனால் முன்விளிம்பிலிருந்து 65 செ.மீ பின்னால் நிற்கும் பின்னங்கால் முழுவதுமாக மறைந்துவிடும். சோபா முன்னங்கால்களில் மட்டும் நிற்பது போலிருக்கும். கேமராவை 70 செ.மீ உயரத்துக்கு இறக்கினால் பின்னங்காலில் 6 செ.மீ வெளிப்படும், இருக்கையோ மூன்றரை செ.மீ கோடாகச் சுருங்கி, குஷன் தட்டையா புடைத்ததா என்று சொல்ல முடியாத நிலை வரும். 85 செ.மீ உயரத்தில் இருக்கை ஐந்தரை செ.மீ அளவுக்கும் பின்னங்கால் மூன்றரை செ.மீ அளவுக்கும் தெரிகின்றன. இரண்டுக்கும் இடமளிக்கும் உயரம் இதுதான். கால் உயரம் குறைந்த சோபாவுக்கு இன்னும் சற்றுத் தாழ்த்த வேண்டியிருக்கும். இந்த எண்கள் நேர்முகப் பார்வைக்கான கணக்கு. சோபாவைத் திருப்பினால் சற்று மாறும் என்றாலும் போக்கு அதேதான்.

எவ்வளவு திருப்புவது என்பதற்கும் கால்களே விடை சொல்கின்றன. அகலமும் ஆழமும் சமமான சோபாவை 45 பாகை திருப்பினால் அருகிலுள்ள காலும் அதற்கு மூலைவிட்டமாக எதிரேயுள்ள காலும் ஒரே நேர்கோட்டில் வந்து, நான்கு கால்கள் மூன்றாகத் தெரியும். 30 பாகையில் நான்கும் பிரிந்து நிற்கும். கைப்பிடியின் முன்முகமும் பக்கமுகமும் சமமில்லாமல் தெரிவதால் அமைப்பும் தெளிவாகப் புரியும். இடம் போதவில்லை என்று அகன்ற கோண லென்ஸை மாட்டிக்கொண்டு இரண்டு மீட்டருக்கு வந்துவிடுபவர்கள் உண்டு. அப்படி வந்தால் அருகிலுள்ள கைப்பிடி வீங்கி, பின்னங்கால்கள் குழந்தை நாற்காலியின் கால்கள்போல் சிறுக்கும். 4 மீட்டரும் அதற்கேற்ற லென்ஸும் ஆடம்பரம் அல்ல. எஃப்/11 துளையில் அந்தத் தொலைவில் முன்னங்கால் முதல் பின்சாய்மானம் வரை கூர்மையாக இருக்கப் போதிய ஆழமும் கிடைக்கிறது.

ஒளிக்கு, 120 செ.மீ அல்லது அதற்குமேல் அகலமுள்ள சாஃப்ட்பாக்ஸ் ஒன்றை ஒரு பக்கத்தில், சோபாவைவிட உயரத்தில் வைத்து, மறுபக்கம் வெள்ளைப் பலகையை நிறுத்துவது போதுமானது. புடைத்த குஷன் என்றால் வெள்ளைப் பலகையைச் சற்றுத் தள்ளி வைத்து மறுபக்கத்தை இருளவிட வேண்டும். ஒளியும் நிழலும் மெல்ல மாறும் அந்தப் படிமாற்றம்தான் புடைப்பைக் கண்ணுக்குச் சொல்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு விளக்கு வைப்பவர்களின் படங்களில் எல்லா குஷனும் பலகைபோல் தட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

குஷனைப் பொறுத்தவரை, ஒளியைக் காட்டிலும் படமெடுக்கும் முன் செய்யும் ஆயத்தமே அதிகம் பேசும். நீராவியால் சுருக்கம் நீக்குவது, தையலோரத்தில் கயிறுபோல் ஓடும் பைப்பிங்கை விரலால் நேராக இழுத்துவிடுவது, மூலைகளுக்குள் பஞ்சைத் தள்ளி நிரப்புவது, வெல்வெட் போன்ற இழைமுனை உள்ள துணியை ஒரே திசையில் நீவிவிடுவது ஆகியவை நியாயமானவை. குஷனுக்குள் கூடுதலாகப் பஞ்சடைத்து, விற்பனைக்குப் போகும் சோபாவில் இல்லாத புடைப்பை உண்டாக்குவது நியாயமில்லை. ஃபோமின் மேல் பாலியஸ்டர் பஞ்சு சுற்றிய குஷன் தானாகவே நடுவில் சற்று உயர்ந்திருக்கும். இறகு நிரப்பிய குஷன் உட்கார்ந்து எழுந்ததும் குழிந்து, தட்டிவிட்டால்தான் எழும். பின்னதைப் பளிங்குபோல் வழவழப்பாகப் படமெடுத்தால், வாங்கியவர் முதல் வாரத்திலேயே ஏமாந்துவிட்டதாக நினைப்பார். இறகு குஷனில் ஓரிரு மென்மடிப்புகளை வேண்டுமென்றே விட்டுவைப்பதே என் பரிந்துரை.

நெசவின் அண்மைப் படத்துக்கு வருவோம். 15 செ.மீ அகலமுள்ள துணிப் பகுதியை 2000 பிக்சலில் காட்டினால் ஓர் இழைக்கு 13 பிக்சல் கிடைக்கிறது. எது பாவு, எது ஊடு, எந்த இழை முறுக்கு அதிகமானது என்பது வரை தெரியும். இங்கே சாய்வொளியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஏனெனில் காட்ட வேண்டியது ஒரே பரப்பு. கேமராவைத் துணிக்கு நேர் செங்குத்தாக நிறுத்த வேண்டும். சாய்த்து எடுத்தால் அண்மையில் குவிய ஆழம் மிகக் குறைவு என்பதால் பாதி நெசவு மங்கிவிடும். எந்த இடத்தை எடுப்பது என்பதில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். நடு இருக்கையின் வெற்றுத் துணியை எடுத்தால் அது எந்த அளவில் எடுக்கப்பட்டது என்பது தெரியாது. மெல்லிய துணியும் கோணித் துணிபோல் தோன்றலாம். ஒரு தையலோ பைப்பிங்கோ படத்தின் ஓரத்தில் வருமாறு எடுத்தால் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். துணி மடிப்பில் எப்படி வளைகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கால்களின் அண்மைப் படம் எளிதானது. தரை மட்டத்துக்கு அருகே கேமராவை வைத்து, முன்னங்காலும் அது சட்டத்தில் பொருந்தும் இடமும் தெரியும்படி எடுக்க வேண்டும். சோபாவின் அடியில் உள்ள இருளிலிருந்து கால் பிரிந்து தெரிய, தரையில் ஒரு வெள்ளை அட்டையைப் படத்தில் விழாதபடி வைத்து ஒளியை மேல்நோக்கித் திருப்பலாம். முற்றிலும் வெள்ளையான பின்னணிக்காகப் பின்சுவரை அளவுக்கு மீறி ஒளியூட்டினால், மெல்லிய உலோகக் கால்களின் ஓரங்களை அந்த வெண்மை தின்றுவிடும். முதன்மைப் படத்தில் பின்னணியை வெட்டி நீக்குபவர்கள், கால் தரையைத் தொடும் இடத்து நிழலையும் சேர்த்து நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நிழல் போனால் சோபா காற்றில் மிதக்கும்.

இரண்டாவது வழியின் குறை, அண்மைப் படத்தைப் பார்வையாளர் திறந்து பார்த்தால்தான் பயன் என்பது. பலர் முதல் படத்தோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொரு குறை நிறம்: மூன்று படங்களும் வெவ்வேறு ஒளியில் எடுக்கப்படுவதால், ஒரே துணி ஒன்றில் சாம்பலாகவும் மற்றொன்றில் பழுப்பாகவும் வரக்கூடும். ஒவ்வோர் ஒளி அமைப்பிலும் சாம்பல் அட்டையை ஒருமுறை படமெடுத்து அதைக்கொண்டு வெண்சமநிலையை நிலைப்படுத்துவதும், முடிவில் மூன்று படங்களையும் அருகருகே வைத்து, துணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவதும் கட்டாயம்.

மூன்றாவது வழியைப் பழைய தயக்கத்தோடு ஒதுக்கிவிட முடியாது. ஐக்கியா நிறுவனம் 2006-இல் பெர்டில் என்ற பைன் மர நாற்காலியின் கணினிப் படத்தை வெளியிட்டுத் தொடங்கியது. 2014 வாக்கில் அதன் தனிப்பொருள் படங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த முறையில்தான் உருவாக்கப்பட்டன. தொடக்கத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது எளிய மர நாற்காலியே தவிர, துணியும் பஞ்சும் கொண்ட சோபா அல்ல என்பதைக் கவனிக்கலாம். மரமும் உலோகமும் வடிவம் மாறாதவை. வரைகலைக்கு இணங்கிப் போகும். கால்களைப் பொறுத்தவரை இந்த வழி கேமராவுக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. உண்மையான விளக்கை வைக்க முடியாத இடத்திலிருந்தும் ஒளி தரலாம், கால்களின் நிறத்தை ஒரே சொடுக்கில் மாற்றலாம்.

சிக்கல் துணியிலும் குஷனிலும் இருக்கிறது. துணியின் ஒரு சதுரத்தை வருடியில் பதிவுசெய்து, அதை ஓடுபோல் அடுக்கி முழு சோபாவையும் போர்த்துகிறார்கள். சதுரம் சிறியதாக இருந்தால் அதிலுள்ள ஒரு தடித்த இழை சாய்மானத்தில் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் கட்டங்கள் தெரியும். உண்மையான சோபாவில் துணி துண்டு துண்டாக வெட்டித் தைக்கப்படுவதால், கைப்பிடியின் வளைவில் இழைகளின் திசை திரும்பும், தையலில் ஒரு பக்கத்து வரி மறுபக்கத்து வரியோடு சரியாகச் சேராமல் முறியும். வெட்டும் முறை தெரியாத ஒருவர் செய்த வரைகலையில் வரிகள் தையலைக் கண்டுகொள்ளாமல் ஓடும். குஷனோ இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம்போல் ஒத்திருக்கும். எடையே இல்லாததுபோல் சட்டத்தின் மேல் அமர்ந்திருக்கும். இவற்றையெல்லாம் திறமையானவர் திருத்திவிடுவார். ஆனால் அந்தத் திருத்தத்துக்கு உழைப்பும் உண்மையான சோபாவின் நல்ல புகைப்படங்களும் தேவை என்பதால், ஒரே ஒரு சோபாவுக்கு இந்த வழி சுற்றுவழியே.

எனவே தீர்மானத்தை இரண்டு கேள்விகளில் அடக்கலாம். முதலாவது, துணியின் இழை இடைவெளி எவ்வளவு. ஓர் அளவுகோலைத் துணியின் மேல் வைத்துப் பத்து இழைகளுக்கான நீளத்தை அளந்து பத்தால் வகுத்தால் தெரிந்துவிடும். வெளியிடப்படும் படத்தில் ஓர் இடைவெளிக்கு மூன்று பிக்சலுக்குக் குறைவாகக் கிடைத்தால் முதல் வழியை மறந்துவிடுவது நல்லது. நம் எடுத்துக்காட்டில் அது ஒன்றரைதான். அதே சோபாவை 6 மி.மீ வளையங்கள் கொண்ட பூக்ளே துணியில் போர்த்தினால் ஒரு வளையத்துக்கு 9 பிக்சல் கிடைக்கும். அந்த வளையங்கள் தடித்தவை என்பதால் மென்மையான ஒளியிலும் நிழல் காட்டும். அத்தகைய துணிக்கு ஒரே படம் உண்மையிலேயே போதும். நெசவுக்கான அண்மைப் படம் அங்கே வெறும் அலங்காரம்.

இரண்டாவது, எத்தனை துணிகளில் அந்த சோபா விற்கப்படுகிறது. இரண்டு மூன்று என்றால் இரண்டாவது வழியே சிறந்தது. ஒவ்வொரு துணியிலும் ஒரு சோபா தைத்து நிறுத்திப் படமெடுத்துவிடலாம். முப்பது, நாற்பது துணிகள் என்றால் அத்தனை சோபாக்களைத் தைப்பதே நடக்காத காரியம் என்பதால் வரைகலையை நாட வேண்டும். ஆனால் அப்போதும் முழுவதையும் கணினியிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு துணியில் உண்மையான சோபாவை மேலே சொன்னபடி படமெடுத்து, அதே கேமரா உயரத்திலும் ஒளியிலும் வரைகலையை அமைத்து, அந்தத் துணியில் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். குஷனின் முன்விளிம்பு தொங்கும் அளவும், தையலில் வரி முறியும் இடமும், காலடி நிழலும் ஒத்துப்போன பிறகே மற்றத் துணிகளைப் போர்த்தத் தொடங்கலாம். நெசவின் அண்மைப் படத்தை மட்டும் எத்தனை துணியானாலும் கேமராவிலேயே எடுத்துவிடுவது மேல். அதற்கு சோபா தேவையில்லை. ஒரு சிறு பலகையில் ஃபோம் வைத்து, துணியை இழுத்துப் போர்த்தி, ஓரத்தில் ஒரு பைப்பிங் தைத்தால் போதும். ஒரே ஒளி அமைப்பில் நாற்பது துணிகளையும் வரிசையாக எடுத்து முடிக்கலாம்.